சம்பா பருவ விற்பனைக்கு ஓகேஆர்: ஒரே முடிவை இருவர் எண்ணிப் பார்த்தல்

கேள்வி: கும்பகோணத்தில் உரக்கடைகளுக்கு ஜிங்க் சல்பேட்டும் நெல் நுண்ணூட்டமும் விநியோகிக்கும் நிறுவனத்தில் விற்பனை மேலாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஆறு பிரதிநிதிகள் இருக்கிறார்கள். முதலாளி ஓகேஆர், அதாவது ஒரு நோக்கமும் அதற்கான முக்கிய முடிவுகளும், எழுதித் தரச் சொல்கிறார். என் வரைவு: நோக்கம், ‘இந்தச் சம்பாவில் டெல்டாவின் முதல் நிறுவனமாவது’. முடிவுகள்: விற்பனையை 25% கூட்டுவது, கடைக்காரர் உறவைப் பலப்படுத்துவது, 600 கடைச் சந்திப்புகள். இவை அளக்கக்கூடியவைதானா? எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பருவம் முடிந்து முதலாளியும் நீங்களும் கணக்கரும் ஒரே மேசையில் அமரும்போது, மூவரும் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே விடை வருமா என்பதே அது. அந்த விடை வருமானால் உங்கள் முடிவு அளக்கக்கூடியது. வராவிட்டால், அதில் சதவீதக் குறி இருந்தாலும் அளக்கக்கூடியதாகாது. தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் இடுபொருள் விற்பனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் அனுபவம் முழுவதும் கடைகள் வழியாக நடக்கும் விற்பனையைச் சார்ந்தது. விவசாயியிடம் நேரடியாக விற்கும் நிறுவனத்துக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

ஓகேஆர் முறையை 1970களில் இன்டெல் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஆண்டி குரோவ். அங்கே அவரிடம் பயின்ற ஜான் டோர் 1999ஆம் ஆண்டில் அதைக் கூகுளுக்குக் கொண்டுசென்றார். நோக்கம் என்பது நாம் போக விரும்பும் இடம். முக்கிய முடிவு என்பது அங்கே போய்ச் சேர்ந்தோமா என்பதைக் காட்டும் அடையாளம். முக்கிய முடிவைப் பார்த்து ‘செய்தோம்’ அல்லது ‘செய்யவில்லை’ என்று வாதமின்றிச் சொல்ல முடிய வேண்டும் என்பது குரோவ் வைத்த கட்டுப்பாடு. நோக்கத்தில் எண் இருக்கத் தேவையில்லை. ஆனால் ‘முதல் நிறுவனமாவது’ என்பது எண் இல்லாதது போலத் தோன்றினாலும், மற்ற நிறுவனங்கள் எத்தனை மூட்டை விற்றன என்ற கணக்கை மறைமுகமாகக் கேட்கிறது. அந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லை. போட்டியாளர் அதைத் தரப்போவதும் இல்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, ‘சம்பா நடவின்போது கடைக்காரர் நம் மூட்டையைத் தாமாகக் கேட்டு வாங்கும் நிலையை உண்டாக்குவது’ என்று எழுதிப் பாருங்கள். இதில் என்ன மாற வேண்டும் என்பது பிரதிநிதிக்குப் புரிகிறது. அடையாளங்களையும் இதிலிருந்து தேடிக்கொள்ள முடிகிறது.

இனி ‘விற்பனையை 25% கூட்டுவது’ என்ற முடிவுக்கு வருவோம். மூன்றில் இதுதான் அளக்கக்கூடியது போல அதிகம் தோற்றமளிக்கிறது. அதனாலேயே அதிகம் ஏமாற்றக்கூடியதும் இதுதான். நான் உடனிருந்து செய்த ஒரு கணக்கை, எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன். ஒரு விநியோக நிறுவனம் சென்ற சம்பாவில் 8,400 மூட்டைகளுக்குப் பில் போட்டிருந்தது. பருவம் முடிந்த பிறகு கடைகளிலிருந்து 1,900 மூட்டைகள் திரும்பி வந்தன. ஆகவே உண்மையில் வயலுக்குப் போனவை, அதிகபட்சம், 6,500 மூட்டைகள். 25% கூடுதல் என்றால் பிரதிநிதி பில் கணக்கை எடுத்துக்கொண்டு 10,500 என்பார். கணக்கர் ரிட்டர்ன் கழித்து 8,125 என்பார். முதலாளி மூட்டையைப் பார்க்காமல் ரூபாயைப் பார்ப்பார். இடையில் மூட்டை விலை 6% ஏறியிருந்தால், ரூபாயில் 25% கூடினாலும் மூட்டையில் கூடியது ஏறக்குறைய 18% மட்டுமே. மூவரும் நேர்மையானவர்கள், மூவரும் ஒரே வாக்கியத்தைப் படித்தவர்கள். ஆனாலும் மூன்று விடைகள். அந்த வாக்கியத்தில் இல்லாதவை நான்கு: எந்தப் பொருள், எந்த அலகு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தப் பதிவேட்டிலிருந்து. இந்த நான்கும் எழுதப்படாத சதவீதத்தை நான் அளவாக ஏற்பதில்லை.

பில்லை விற்பனை என்று எண்ணுவதன் விளைவை நான் சொந்தமாக அனுபவித்திருக்கிறேன். இளம் வயதில் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மார்ச் மாதக் கடைசி வாரம் வந்தால், நாங்கள் கடை கடையாகச் சரக்கை இறக்குவோம். கடைக்காரர், “இப்போ யாரு தம்பி இத வாங்குவா?” என்று கேட்டால், “பில் மட்டும் போட்டுக்கறேண்ணே, விக்கலன்னா எடுத்துக்கறேன்” என்று சொல்வோம். ஆண்டுக் கணக்கில் எங்கள் ஊர் எப்போதும் இலக்கைத் தாண்டியிருக்கும். ஜூன் மாதத்தில் திரும்பிய சரக்குக்கான கிரெடிட் நோட்டுகள் வரிசையாக எழுதப்படும். மழையில் நனைந்து கட்டிதட்டிப்போன மூட்டைகள் கிடங்கில் அடுக்கப்படும். யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. அளவுகோல் எதைக் கேட்டதோ அதைத்தான் கொடுத்தோம்.

ஆகவே சோதனை இப்படித் தொடங்க வேண்டும்: முடிவை எழுதியவுடன் அதைச் சென்ற ஆண்டின் பதிவேட்டின் மீது, இருவரைக் கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் எண்ணச் செய்யுங்கள். எதிர்காலத்துக்காக எழுதிய முடிவு கடந்த காலத்தில் எண்ண முடியாததாக இருந்தால், எதிர்காலத்திலும் அதை எண்ண முடியாது. புதிதாகத் தொடங்கும் பொருளுக்கு மட்டும் இது செய்ய இயலாது; அங்கே முதல் பருவத்தை அடிப்படை எண்ணைக் கண்டுபிடிக்கவே ஒதுக்குவது நல்லது.

உங்கள் இரண்டாம் முடிவான ‘உறவைப் பலப்படுத்துவது’ என்பதை வைத்தே இதைச் செய்து காட்டுகிறேன். 8,400 மூட்டைகளுக்குப் பில் போட்டிருந்த அந்த விநியோக நிறுவனத்திலும் இதே வாக்கியம் இருந்தது. ஒரு கடைக்காரரோடு உறவு பலப்பட்டிருக்கிறது என்பதை எதைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று பிரதிநிதிகளிடம் கேட்டேன். “காபி வாங்கித் தருவார்” என்று ஒருவர் சொன்னார், அதுவும் பொய்யல்ல. பாபநாசம் பக்கம் போகும் மூத்த பிரதிநிதி ஒருவர், “முதல் லோடு நாம சொல்லி எடுப்பார், ரெண்டாவது லோடுக்கு அவரே போன் பண்ணுவார்” என்றார். அதுதான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தது. போன் வந்ததைப் பதிவேடு காட்டாது. ஆனால் இரண்டாம் பில்லைக் காட்டும். எனவே ‘பருவத்துக்குள் இரண்டாம் முறை வாங்கிய கடைகளின் எண்ணிக்கை’ என்று எழுதி, சென்ற சம்பாவின் டேலி பதிவுகளைக் கணக்கரிடமும் அந்த மூத்த பிரதிநிதியிடமும் தனித்தனியே கொடுத்தோம்.

கணக்கர் 74 என்றார். பிரதிநிதி 68 என்றார். இந்த வேறுபாட்டைத் தேடியதில்தான் முடிவு உண்மையில் எழுதப்பட்டது என்று சொல்வேன். கணக்கரின் 74இல் 11 கடைகளுக்கு முதல் பில்லும் இரண்டாம் பில்லும் மூன்று நாள் இடைவெளிக்குள் இருந்தன. ஒரே ஆர்டர்தான், வண்டியில் இடமில்லாததால் இரண்டு தடவையாகப் போயிருக்கிறது. அவற்றைக் கழித்தால் 63. இன்னொரு பக்கம், 5 கடைகளில் முதல் பில் தந்தை பெயரிலும் இரண்டாம் பில் மகன் பெயரிலும் இருந்தன. லெட்ஜர் இரண்டு, கல்லாப்பெட்டி ஒன்று. கணக்கருக்கு அவை இரண்டு வாடிக்கையாளர்கள். அந்தத் தெருவில் நடப்பவருக்கு ஒரே கடை. அவற்றைச் சேர்த்தால் 68. இப்படி இரட்டை லெட்ஜர் வைத்திருந்த 12 கடைகளை ஒன்றாக்கியதில், 210 லெட்ஜர்கள் 198 கடைகளாக ஆயின. பிறகு முடிவை மாற்றி எழுதினோம்: ‘ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 30 வரை, 10 கிலோ ஜிங்க் சல்பேட் மூட்டையை, முதல் பில்லுக்குக் குறைந்தது 15 நாள் கழித்து மறுபடி வாங்கிய கடைகள், 198இல் 68 என்பதிலிருந்து 100 ஆக உயர வேண்டும், எண்ணுவது கணக்கர், ஒன்றாக்கிய கடைப் பட்டியலை வைத்து.’ அந்த 15 நாள் விதிப்படி மறுபடி எண்ணியபோது இருவருக்கும் 68 வந்தது. வாக்கியம் அழகாக இல்லை. ஆனால் அதைப் பற்றி நவம்பரில் யாரும் சண்டையிடவில்லை.

இருவர் எண்ணி ஒரே விடை வந்தால் முடிவு அளக்கக்கூடியது என்பது உறுதி. அது சரியான முடிவுதானா என்பது அடுத்த சோதனை: நோக்கம் நிறைவேறாமலேயே இந்த எண்ணை ஏற்ற ஒரு பிரதிநிதியால் முடியுமா? உங்கள் மூன்றாம் முடிவு இங்கேதான் விழுகிறது. 600 சந்திப்புகளை எண்ண முடியும். இருவர் எண்ணினாலும் 600தான். ஆனால் ஒரு மூட்டைகூட நகராமல் 600 சந்திப்புகளையும் முடித்துவிடலாம். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இருப்பிடத்தோடு ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது உழைப்பின் கணக்கு. பயணத் திட்டத்தில் அது இருக்கட்டும். முக்கிய முடிவுகளில் வேண்டாம்.

நாங்கள் எழுதிய ‘இரண்டாம் முறை வாங்கிய கடைகள்’ என்ற முடிவும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. இருபது மூட்டை கேட்கும் கடைக்கு முதலில் ஐந்தைக் கொடுத்து, பதினாறாம் நாள் மீதியைக் கொடுத்தால் எண் ஏறிவிடும். அல்லது பழைய பழக்கப்படி, “விக்கலன்னா எடுத்துக்கறேண்ணே” என்று சொல்லி இரண்டாம் லோடை இறக்கிவிடலாம். ஓர் எண்ணை இழுத்தால் கெடக்கூடிய இன்னோர் எண்ணை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது குரோவ் வலியுறுத்திய இன்னொரு பழக்கம். இங்கே அந்த ஜோடி எண், திரும்பி வரும் மூட்டைகள். ‘டிசம்பர் 31 வரை திரும்பிய மூட்டைகள் 1,900இலிருந்து 800ஆகக் குறைய வேண்டும்’ என்று எழுதியவுடன் சரக்கை இறக்கிவிடும் வழி அடைபட்டது. ரிட்டர்னையும் ஜனவரி வரை கடையிலேயே வைத்திருக்கச் சொல்லலாம் என்று ஒருவர் நினைவூட்டினார். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்தில் 40 கடைகளின் இருப்பை, அந்த ரூட்டுக்கு உரியவர் அல்லாத வேறொரு பிரதிநிதி போய் எண்ணுவது என்று வைத்தோம். ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கும் வழியை மட்டும் எங்களால் முழுமையாக அடைக்க முடியவில்லை. முதல் பில்லின் அளவு சென்ற ஆண்டைவிடப் பாதிக்கும் கீழே போன கடைகளைக் கணக்கர் தனியே குறித்து வைப்பார். அவற்றை நானே போனில் கேட்பேன். அளவுகோல் நின்றுவிடும் இடத்தில் மேலாளர் விசாரிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாக, விடை எப்போது கைக்கு வரும் என்பதைப் பாருங்கள். வசூலை ஏன் முக்கிய முடிவாக வைக்கவில்லை என்று உங்கள் முதலாளி கட்டாயம் கேட்பார். டெல்டாவில் கடைக்காரர் விவசாயிக்குக் கடனுக்குக் கொடுக்கிறார். விவசாயி அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு, பணம் வந்த பிறகு கொடுக்கிறார். சம்பா வசூலின் உண்மையான நிலை பொங்கலுக்குப் பிறகுதான் தெரியும். அது மிக முக்கியமான எண். ஆனால் நவம்பருக்குள் அதைப் பார்த்து எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. ரிட்டர்னுக்கும் இதே குறை ஓரளவு உண்டு. டிசம்பரில்தான் மூட்டை திரும்புகிறது. அதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரே வழி, பிரதிநிதி ஒவ்வொரு முறை போகும்போதும் கடையில் நம் மூட்டை எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுவது. ஜிங்க் சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ என்ற அளவில், மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன்பு இடுவதே பரிந்துரை. ஆகவே அந்த ஊரில் நடவு முடிந்த பிறகும் கடையில் இருக்கும் மூட்டை பெரும்பாலும் உங்களிடம் திரும்பப்போகிற மூட்டைதான். செப்டம்பர் கடைசியில் ஒரு கடையில் முப்பது மூட்டை கிடந்தால், நடவு இன்னும் முடியாத வேறு ஊர்க் கடைக்கு அதை மாற்றிவிட அப்போது நேரம் இருக்கிறது. உங்கள் 600 சந்திப்புகள் இப்படிப் பயன்பட்டால் அவற்றுக்கு ஒரு பொருள் உண்டு.

காலாண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓகேஆர் வழக்கமாகக் காலாண்டுக்கு எழுதப்படுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று வெட்டினால், குறுவையின் வாலும் சம்பாவின் தலையும் ஒரே கணக்கில் விழும். சம்பா நடவின் மறுபாதி அடுத்த காலாண்டுக்குப் போய்விடும். முதலாளி அலுவலக ஒழுங்குக்காகக் காலாண்டுதான் வேண்டும் என்றால் இடையில் ஒரு பரிசீலனையை வைத்துக்கொள்ளலாம். முடிவின் தொடக்க நாளும் கடைசி நாளும் பருவத்தை ஒட்டியே இருக்கட்டும்.

இதுவரை சொன்னவை எனக்கு உறுதியானவை. சந்தேகத்துக்குரியவை இரண்டு. முதலாவது, இலக்கின் உயரம். 68இலிருந்து 100 என்பதற்கு எந்தக் கணிதமும் இல்லை. ரூட்டு ரூட்டாக உட்கார்ந்து, இந்த ஆண்டு எந்தக் கடை மறுபடி வாங்கக்கூடும் என்று பெயர் சொல்லி எண்ணியபோது 85 வந்தது. அதற்கு மேல் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டும் என்று 100 வைத்தோம். 110 வைத்திருந்தாலும் தவறென்று என்னால் வாதிட முடியாது. எட்டிப் பிடிக்கும் இலக்குகளில் ஒன்றுக்கு 0.6 முதல் 0.7 வரை மதிப்பெண் வந்தால் நல்லது என்பது கூகுளின் வழக்கம். ஆனால் அந்த மதிப்பெண்ணைப் பலர் தவறாகப் போடுகிறார்கள். அந்தப் பருவ முடிவில் 89 கடைகள் மறுபடி வாங்கியிருந்தன. 89ஐ 100ஆல் வகுத்து 0.89 என்று எழுதிவிட்டார் ஒருவர். அப்படி எழுதினால், ஒன்றுமே செய்யாமல் பழைய 68இலேயே நின்றிருந்தாலும் 0.68 கிடைத்திருக்கும். நடந்த தூரத்தைத்தான் மதிப்பிட வேண்டும்:

```
(89 - 68) / (100 - 68) = 21 / 32 = 0.66
(1900 - 1130) / (1900 - 800) = 770 / 1100 = 0.70
```

இரண்டாம் வரி திரும்பிய மூட்டைகளுக்கானது, 1,130 திரும்பின. இரண்டு எண்களும் ஒருசேர நகர்ந்ததால்தான், மறுபடி வாங்கியது சரக்கை இறக்கிவிட்டதால் வந்ததல்ல என்று ஓரளவு நம்ப முடிந்தது.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளிலும் ஆகஸ்ட் 15 என்ற தேதி ஒரே பொருளைத் தராது. தண்ணீர் வந்த நாள், வடகிழக்குப் பருவமழை, மறுநடவு என்று பலவும் உங்கள் 68ஐயும் 100ஐயும் பிரதிநிதியின் உழைப்பைக் கேட்காமலே மேலும் கீழும் தள்ளும். கணக்கு தொடங்கும் நாளைத் தண்ணீர் வரவை ஒட்டி நகர்த்தி வைக்கலாம். மாவட்டத்தில் நடவான பரப்பு குறித்து வேளாண்மைத் துறை வெளியிடும் விவரத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். இவற்றால் பிழை குறையுமே தவிர, உயர்ந்த 21 கடைகளில் எத்தனை உங்கள் ஆட்களால் வந்தவை, எத்தனை காவிரியால் வந்தவை என்று பிரித்துச் சொல்லும் திறன் இந்த முறைக்கு இல்லை. அப்படிப் பிரித்துக் காட்டுவதாக யாரேனும் ஒரு அட்டவணை கொண்டுவந்தால், எந்தக் கடைகளை ஒப்பீட்டுக்காகப் போகாமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.

இதனாலேயே, இந்த எண்களை இன்சென்டிவோடு நேரடியாகக் கட்ட வேண்டாம் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லச் சொல்வேன். டோரும் சம்பளத்தையும் ஓகேஆரையும் தனித்தனியே வைக்கத்தான் சொல்கிறார். இன்சென்டிவை ரிட்டர்ன் கழித்து, பணம் வந்து சேர்ந்த மூட்டைக்கு என்று பொங்கலுக்குப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். முதலாளி மறுத்தால், ஜோடி எண் இரண்டையும் சேர்த்தாவது கட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கட்டினால் அடுத்த மார்ச்சில் கிடங்கில் இடம் போதாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இந்த வாரம் புதிதாக எதையும் எழுதமாட்டேன். சென்ற சம்பாவின் விற்பனைப் பதிவேட்டையும் கிரெடிட் நோட்டுகளையும் டேலியிலிருந்து எடுத்து, ஒரே கடையின் இரட்டை லெட்ஜர்களை ஒரு மூத்த பிரதிநிதியை உடன் வைத்துக்கொண்டு ஒன்றாக்குவேன். எனக்கு அந்த வேலைக்கு இரண்டு பகல் பிடித்தது. ஆறு ரூட்டுகளுக்கு உங்களுக்கு மூன்று பகல் ஆகலாம்.